வெள்ளிக்கிழமை ஈவினிங் டியூட்டி யாருடையது?

மருத்துவமனை வார்டில் மதியம் 2 மணி என்பது பொறுப்பு கைமாறும் நேரம். காலை டியூட்டியில் இருந்த செவிலியர் ஒவ்வொரு படுக்கையாகப் போய், மாலை டியூட்டிக்கு வந்தவரிடம் நோயாளிகளை ஒப்படைப்பார். 7-ம் படுக்கைக்காரருக்குச் சர்க்கரை எவ்வளவு இருந்தது, அடுத்த இன்சுலின் எத்தனை மணிக்கு, 12-ம் படுக்கையில் ஏறிக்கொண்டிருக்கும் டிரிப் எப்போது முடியும், 18-ம் படுக்கைக்காரருக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததா என்று வரிசையாகச் சொல்வார். பிறகு மருந்து அலமாரிச் சாவி கைமாறும். மார்ஃபின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளை இருவரும் சேர்ந்து எண்ணிப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள். அவசர மருந்து டிராலியையும் சரிபார்ப்பார்கள். இத்தனையும் முடிந்தால்தான் காலையில் வந்தவர் வீட்டுக்குக் கிளம்பலாம்.

மாலை டியூட்டிக்கு வர வேண்டியவர் வரவில்லை என்றால்? கிளம்ப வேண்டியவர் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்துவரப் போக வேண்டுமே என்று அவர் தவித்தாலும், வார்டை ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போக முடியாது.

“எனக்குப் பதில் நீங்கள் வர முடியுமா?” என்று ஒரு செவிலியர் இன்னொருவரிடம் கேட்கும்போது, அது அந்த இருவருக்கு இடையிலான விஷயம் போலத் தெரியும். உண்மையில் அதில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். ஒப்படைத்துவிட்டுக் கிளம்பக் காத்திருப்பவர் அவர். டியூட்டி மாற்றிக்கொள்ளும் பேச்சில் குழப்பம் நேர்ந்தால் முதலில் மாட்டிக்கொள்பவரும் அவர்தான். அந்தப் பேச்சில் அவர் கலந்துகொண்டிருக்கவே மாட்டார்.

டியூட்டி மாற்றிக்கொள்வது மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பது. பெரும்பாலும் சுமுகமாகவே முடியும். சிக்கல் வரும் இடங்களைக் கவனித்தால், அங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொண்டிருக்க மாட்டார்கள். கேட்டவர் ‘அவர் வருவதாகச் சொல்லிவிட்டார்’ என்று நினைத்திருப்பார். கேட்கப்பட்டவரோ ‘பார்க்கிறேன் என்றுதானே சொன்னேன்’ என்று நினைத்திருப்பார். இந்த இடைவெளியை அடைக்க மூன்று விஷயங்கள் வேண்டும்: தெளிவான கோரிக்கை, அதற்கு ஈடாக ஒரு டியூட்டி, பதில் சொல்வதற்கு ஒரு நேரம். இவை எப்படி அமைகின்றன என்பதை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம்.

ஒரு வாரத்து டியூட்டி லிஸ்ட்

சென்னையில் ஒரு மருத்துவமனை என்று வைத்துக்கொள்வோம். டியூட்டி நேரம் இடத்துக்கு இடம் மாறும். இங்கே காலை 7 முதல் மதியம் 2 வரை, 2 முதல் இரவு 8 வரை, 8 முதல் மறுநாள் காலை 7 வரை என்று மூன்று டியூட்டிகள். வாரம் ஒரு நாள் வீக்லி ஆஃப். வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் டியூட்டி லிஸ்ட் போடுவார். அவர் காலை 8 மணிக்கு வந்து மாலை 4 மணிக்குப் போய்விடுவார். டியூட்டி மாற்ற வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே அவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அந்த வார்டின் வழக்கம்.

அங்கே ஓர் இளம் செவிலியர். இந்த வாரம் அவருக்கு மாலை டியூட்டி. ஞாயிறு ஆஃப். அவருடைய அண்ணனின் நிச்சயதார்த்தம் 14-ம் தேதி வெள்ளிக்கிழமை மாலை திண்டிவனத்தில் என்று திடீரென முடிவாகிறது. செய்தி வரும்போது 12-ம் தேதி புதன்கிழமை காலை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை 2 மணி டியூட்டிக்கு அவர் வேறொருவரைத் தேட வேண்டும்.

யாரைக் கேட்பது?

பலரும் செய்யும் முதல் காரியம் வார்டின் வாட்ஸ்அப் குழுவில் ‘ஃப்ரைடே ஈவினிங் யாராவது பார்க்க முடியுமா?’ என்று போடுவது. எல்லோரும் பார்ப்பார்கள். வேறு யாராவது சொல்வார்கள் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். பொதுவாகக் கேட்பதைவிட, டியூட்டி லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நாளில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்பதே பயன் தரும். வெள்ளிக்கிழமையைப் பொறுத்தவரை கேட்கக்கூடியவர்கள் நான்கு வகை.

முதலாவது, அன்று காலை டியூட்டியில் இருப்பவர். அவரையே தொடர்ந்து இருக்கச் சொன்னால் 7 மணியிலிருந்து 8 மணி வரை 13 மணி நேரம் நிற்க வேண்டிவரும். மருத்துவமனைகளில் இது சகஜம்தான், டபுள் டியூட்டி என்பார்கள். அதன் விலை என்ன என்பதை அமெரிக்காவில் 393 செவிலியர்களின் வேலைக் குறிப்பேடுகளை வைத்து நடத்திய ஆய்வு காட்டியது. 2004-ல் வெளியான அந்த ஆய்வின்படி, பணி நேரம் பன்னிரண்டரை மணியைத் தொடும்போதும் தாண்டும்போதும் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்காகிறது. மருந்து அளவும் மருந்து கொடுக்கும் நேரமும் மாறிப்போவதெல்லாம் இந்தத் தவறுகளில் அடக்கம்.

காலை டியூட்டிக்காரரோடு அப்படியே இடம் மாற்றிக்கொள்ளலாம். அவர் மாலைக்கு வருவார், இவர் காலைக்கு வருவார். யாருக்கும் டபுள் டியூட்டி வராது. இதுதான் இருப்பதிலேயே எளிய மாற்று. ஆனால் இந்த இளம் செவிலியர் 2 மணிக்கு டியூட்டி முடித்து, ஒப்படைத்துவிட்டு, திண்டிவனம் பஸ் பிடித்தால் நிச்சயதார்த்தத்துக்குப் போய்ச்சேர முடியாது. எனவே அவருக்கு இது உதவாது.

இரண்டாவது, வியாழன் இரவு நைட் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை காலை 7 மணிக்கு இறங்குபவர். லிஸ்ட்டில் பார்த்தால் வெள்ளி மாலை அவர் பெயருக்கு எதிரே ஒன்றும் இருக்காது, அவர் ‘ஃப்ரீ’ போலத் தெரிவார். ஆனால் வீடு போய்ச் சேர்ந்து, குளித்து, சாப்பிட்டுப் படுக்க 9 மணி ஆகும். மதியம் 2 மணி டியூட்டிக்குப் பன்னிரண்டரைக்காவது எழ வேண்டும். பதினொரு மணி நேரம் விழித்திருந்தவருக்கு மூன்றரை மணி நேரத் தூக்கம் மட்டும் மிஞ்சும். அவரைக் கேட்கவே கூடாது.

மூன்றாவது, வெள்ளி இரவு நைட் ஏறுபவர். ‘எப்படியும் 8 மணிக்கு வரப்போகிறார், ஆறு மணி நேரம் முன்னால் வந்தால் என்ன’ என்று தோன்றும். அப்படி வந்தால் 2 மணியிலிருந்து மறுநாள் காலை 7 மணி வரை மொத்தம் 17 மணி நேரம் ஆகிவிடும். இந்த 17 என்ற எண் ஆராய்ச்சியாளர்களுக்குப் பழக்கமானது. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இருவர் 1997-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய ஆய்வில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் செயல்திறனுக்கு இறங்கிவிடுகிறது என்று காட்டினார்கள். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 சதவீதம்தான். அதாவது வண்டி ஓட்டத் தகுதியில்லாத நிலையில் ஒருவர் விடியற்காலையில் இன்சுலின் அளந்துகொண்டிருப்பார்.

நான்காவது, வெள்ளிக்கிழமை வீக்லி ஆஃப் உள்ளவர். முந்தைய நாள் காலை டியூட்டி முடித்து மதியமே வீட்டுக்குப் போயிருப்பார். இரவு முழுக்கத் தூங்கியிருப்பார். உடம்பைப் பொறுத்தவரை டியூட்டிக்கு வரத் தகுதியானவர் இவர்தான். ஆனால் இழப்பும் இவருக்கே அதிகம், ஏனென்றால் இவரிடம் கேட்பது விடுமுறையை. அந்த வார்டில் அப்படி இருப்பவர் வயதில் மூத்த ஒரு செவிலியர். இளையவர் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஈடாக எதைத் தருவது?

‘இந்த ஒரு தடவை பாருங்கள், பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கேட்பது வழக்கம். இந்தப் ‘பிறகு’ தேதி போடாத கைமாற்றுக் கடன் மாதிரி. வாங்கியவர் மறந்துவிடுவார், கொடுத்தவர் மறக்க மாட்டார். ஆறு மாதம் கழித்துத் தீபாவளியன்று அந்தக் கடனைத் திருப்பிக் கேட்டால் இருவருக்கும் மனக்கசப்பு. எனவே கேட்கும்போதே எந்தத் தேதியில் எந்த டியூட்டியைப் பதிலுக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட வேண்டும்.

கொடுப்பதும் வாங்குவதும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். ஆறு மணி நேர மாலை டியூட்டிக்குப் பதினொரு மணி நேர நைட் ஈடாகாது. சாதாரணச் செவ்வாய்க்கிழமை பொங்கலுக்கு ஈடாகாது. நைட் டியூட்டியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பல இடங்களில் நைட்டைத் தொடர்ச்சியாகச் சில நாட்கள் போட்டு, அதன் முடிவில் நைட் ஆஃப் தருவார்கள். நடுவில் ஒரு நைட்டை மட்டும் உருவி மாற்றினால், பகலில் தூங்கப் பழகிய உடம்பு குழம்பும், நைட் ஆஃப் கணக்கும் குழம்பும். நைட்டை மாற்றுவதென்றால் அந்தத் தொகுப்பையே மாற்றிக்கொள்வது நல்லது.

நம் உதாரணத்தில் அக்காவுக்கு வெள்ளி ஆஃப், ஞாயிறு காலை டியூட்டி. இளையவருக்கு ஞாயிறு ஆஃப். ஆகவே இளையவர் தன் ஞாயிறு ஆஃபைக் கொடுத்து அக்காவின் வெள்ளி ஆஃபை வாங்கிக்கொள்ளலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ளவருக்கு வெள்ளியைவிட ஞாயிறு ஆஃப் மேலானது. பார்த்தவுடனே நியாயமாகத் தெரிகிற பேரம்.

ஆனால் அந்த இரண்டு நாட்களை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. முன்னும் பின்னும் எண்ண வேண்டும். அக்காவுக்குப் போன வெள்ளி ஆஃப். அதற்குப் பிறகு சனியிலிருந்து வியாழன் வரை ஆறு நாள் வேலை. இந்த வெள்ளியும் வந்தால் ஏழு, சனியும் சேர்த்தால் எட்டு. ஞாயிறுதான் ஓய்வு. இளையவர் வெள்ளிக்கிழமை ஆஃப் எடுத்துக்கொள்வார், ஞாயிறு வேலை செய்வார். அவருடைய அடுத்த ஆஃப் அதற்கடுத்த ஞாயிறு. நடுவில் சனி தொடங்கி மறு சனி வரை அவருக்கும் எட்டு நாள். ஆக இருவரும் ஒரு முறை ஆறு நாளுக்குப் பதில் எட்டு நாள் தொடர்ந்து உழைக்க வேண்டும். சுமை சமமாகத்தான் விழுகிறது, ஆனால் விழுகிறது. இதைக் கேட்கும்போதே சொல்லிவிட்டால், நடு வாரத்தில் களைத்துப்போன பிறகு ‘இப்படி ஆகும் என்று சொல்லவில்லையே’ என்ற பேச்சு வராது.

இரண்டு டியூட்டிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும். அக்கா வெள்ளி இரவு 8 மணிக்கு இறங்கி சனி காலை 7 மணிக்கு மறுபடி வர வேண்டும். நடுவில் 11 மணி நேரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேரச் சட்டம் ஒரு நாளில் குறைந்தது 11 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்கிறது. செவிலியர்களுக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-ல் வெளியிட்ட பரிந்துரையோ, இரண்டு டியூட்டிகளுக்கு நடுவில் 12 மணி நேரம் கேட்கிறது. பதினொன்று என்பது விளிம்பில் நிற்கும் கணக்கு. ஒப்படைக்க அரை மணி தாமதமாகி, பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகிவிட்டால், தூக்கம்தான் குறையும். ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதை அக்கா இதையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

எப்படிக் கேட்பது?

நேரில் கேட்பதுதான் மரியாதை என்று பலர் நினைப்பார்கள். இந்த வாரம் இருவரும் நேரில் சந்திக்கும் ஒரே நேரம் மதியம் 2 மணி, ஒப்படைக்கும் பரபரப்பு. வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பவர் ‘சரி சரி, பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இன்சார்ஜ் சிஸ்டர் முன்னால் வைத்துக் கேட்டால் மறுக்க முடியாமல் தலையாட்டுவார். எனவே முதலில் எழுத்தில் அனுப்பிவிடுவது நல்லது. அதைப் படித்து, காலண்டரைப் பார்த்து, வீட்டில் கேட்டு, நிதானமாக முடிவு செய்ய அவருக்கு இடம் கிடைக்கும். புதன்கிழமை காலை 11 மணிக்கு அந்த இளம் செவிலியர் இப்படி எழுதலாம்:

“அக்கா, வர்ற 14-ம் தேதி வெள்ளிக்கிழமை எனக்கு ஈவினிங், 2 டு 8. அன்னிக்கு சாயங்காலம் எங்க அண்ணனுக்குத் திண்டிவனத்துல நிச்சயதார்த்தம். உங்களுக்கு அன்னிக்கு ஆஃப். நீங்க அந்த ஈவினிங்கைப் பார்த்தா, 16-ம் தேதி ஞாயிறு உங்க மார்னிங் டியூட்டியை, 7 டு 2, நான் பார்க்கிறேன். எனக்கு அன்னிக்கு ஆஃப்தான். இதுல உங்களுக்கு எட்டு நாள் தொடர்ச்சியா வரும். வெள்ளி நைட் 8 மணிக்கு இறங்கி சனி காலைல 7 மணிக்கு வரணும். அதையும் பார்த்துக்கோங்க. இன்னிக்கு ராத்திரி 8 மணிக்குள்ள சொன்னா போதும். முடியாதுன்னாலும் சொல்லிடுங்க அக்கா, நாளைக்குக் காலைல நான் வேற ஆளைக் கேட்டுக்குவேன். நீங்க சரின்னா, நாளைக்கு 2 மணிக்கு ரெண்டு பேருமா சேர்ந்து இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட எழுதிக் கொடுத்திடலாம்.”

இந்தக் குறுஞ்செய்தியில் தேதியும் கிழமையும் சேர்ந்தே வருகின்றன. ‘அடுத்த வெள்ளி’ என்று மட்டும் எழுதினால் ஒருவர் இந்த வாரம் என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் அடுத்த வாரம் என்று எடுத்துக்கொள்வார். நைட் டியூட்டியில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். ‘சனி நைட்’ என்றால் சனி இரவு 8 மணிக்கு ஏறி ஞாயிறு காலை இறங்குவது என்று தொடக்கத்தையும் முடிவையும் எழுதிவிட வேண்டும்.

காரணத்தை ஒரே வரியில் முடித்திருக்கிறார். காரணம் நீளும்போது கேட்பவருக்கு மறுக்கக் கூச்சமாகிவிடும். அக்காவுக்கு என்ன சிரமம் வரும் என்பதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். முடியாது என்று சொல்லவும் வழி திறந்து வைத்திருக்கிறார். மூத்தவரிடம் இளையவர் கேட்கும்போது இது மரியாதை. மூத்தவர் இளையவரிடம் கேட்கும்போதோ இது கட்டாயம் வேண்டியது. சீனியர் கேட்டு ஜூனியர் மறுப்பது நம் வார்டுகளில் எளிதல்ல. “உனக்கு முடியலன்னா பரவாயில்ல, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்” என்று அவர் எழுதினால்தான் எதிரே இருப்பவருக்கு மனம்விட்டு முடியாது என்று சொல்ல வரும்.

ஏன் 8 மணி?

பதிலுக்கு நேரம் வைப்பதை அதிகாரமாகக் கருதி பலர் தயங்குவார்கள். ‘எப்ப முடியுமோ அப்ப சொல்லுங்க’ என்று பணிவாக எழுதுவார்கள். அதைப் படிப்பவர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைப்பார். கேட்டவர் வியாழன் மாலை வரை காத்திருந்து, அதற்குப் பிறகு முடியாது என்ற பதில் வந்தால், இன்னொருவரைத் தேட நேரமே இருக்காது.

அந்த 8 மணி சும்மா வைத்த நேரமல்ல. கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணி வந்தது. டியூட்டி வெள்ளி மதியம் 2 மணிக்கு. 24 மணி நேரத்துக்கு முன் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால் வியாழன் மதியம் 2 மணிதான் கடைசி. அந்த நேரத்தில் அக்கா காலை டியூட்டி முடித்திருப்பார், இளையவர் மாலை டியூட்டிக்கு வந்திருப்பார், இன்சார்ஜ் சிஸ்டரும் இருப்பார். மூவரும் ஒரே இடத்தில் இருக்கும் நேரம் அது. அக்கா முடியாது என்றால் இரண்டாவது ஆளைக் கேட்க வியாழன் காலை முழுதும் வேண்டும். அப்படியென்றால் அக்காவின் பதில் புதன் இரவே தெரிந்தாக வேண்டும். அக்கா புதன்கிழமை மதியம் 2 மணிக்கு டியூட்டி முடிந்துதான் போனைப் பார்ப்பார். 8 மணி வரை கொடுத்தால் வீட்டில் பேசி முடிவெடுக்க ஆறு மணி நேரம் இருக்கும். முறையாகக் கணக்கிட்டு வைத்த நேரம் கேட்டவருக்கும் கேட்கப்பட்டவருக்கும் சேர்த்தே இடம் விடும்.

கேட்கப்பட்டவர் நைட் டியூட்டியில் இருந்தால் கணக்கு மாறும். காலை 11 மணிக்கு அவர் ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பார். அப்போது போன் போட்டு எழுப்புவது தவறு. செய்தியை மட்டும் அனுப்பிவிட்டு, அவர் எழுந்து சாப்பிட்ட பிறகு, மாலை 7 மணிக்குள் என்று நேரம் வைக்கலாம்.

குறித்த நேரம் கடந்தும் பதில் வரவில்லை என்றால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கேட்க வேண்டும். அப்போது ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. முதலில் கேட்டவருக்கு ‘அக்கா, நான் வேற ஆளைக் கேட்கிறேன், நீங்க யோசிக்க வேண்டாம்’ என்று ஒரு வரி போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் இரவு பதினொரு மணிக்குச் சம்மதம் சொல்லிவிடுவார். காலையில் இரண்டாவது ஆளும் சம்மதித்திருப்பார். வெள்ளிக்கிழமை ஒரே டியூட்டிக்கு இரண்டு பேர் வந்து நிற்பார்கள்.

எது சம்மதம்?

நீல நிற டிக் விழுந்தால் படித்துவிட்டார் என்றுதான் பொருள். ‘பார்க்கிறேன்’ என்றால் இன்னும் முடிவு செய்யவில்லை. நம் பேச்சு வழக்கில் அது பெரும்பாலும் நாசூக்கான மறுப்பு. ‘ட்ரை பண்றேன்’ என்பதும் அந்த ரகமே. கட்டைவிரல் படம் எதற்கு? செய்தி கிடைத்தது என்பதற்கா, டியூட்டிக்கு வருவேன் என்பதற்கா? ‘ஓகே’ என்று மட்டும் வந்தாலும் கோரிக்கையில் இருந்த இரண்டு டியூட்டிகளில் எதற்கு ஓகே என்று தெரியாது.

நம்பத் தகுந்த பதிலில் தேதியும் டியூட்டியும் திரும்ப வரும். “சரிம்மா, 14 வெள்ளி ஈவினிங் நான் வர்றேன். 16 ஞாயிறு மார்னிங் நீ வந்துடு” என்று அக்கா எழுதினால் அது சம்மதம். அப்படி வராமல் ‘ஓகே’ மட்டும் வந்தால், “நன்றி அக்கா. 14 வெள்ளி ஈவினிங் நீங்க, 16 ஞாயிறு மார்னிங் நான். சரிதானே?” என்று கேட்டவரே எழுதி, ‘ஆமாம்’ என்ற பதிலை வாங்கிவிட வேண்டும்.

கேட்கப்பட்டவருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. முடியாது என்றால் உடனே சொல்லிவிடுவதே பெரிய உதவி. காரணம் சொல்ல வேண்டியதில்லை. “இந்த வெள்ளி எனக்கு முடியாதும்மா” என்பதே போதும். முகம் முறிக்கக் கூடாது என்று எட்டு மணி வரை இழுத்துவிட்டு மறுப்பவர், கேட்டவரின் அரை நாளை எடுத்துக்கொள்கிறார்.

லிஸ்ட்டில் பெயர் மாறும் வரை

அக்காவின் சம்மதம் கிடைத்துவிட்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமை டியூட்டி இன்னும் இளையவருடையதுதான். இன்சார்ஜ் சிஸ்டர் லிஸ்ட்டில் பெயரை மாற்றி எழுதிக் கையெழுத்துப் போடும்போதுதான் அது அக்காவுடையதாகிறது.

இதைச் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் இன்சார்ஜ் சிஸ்டருக்குத் தெரியும் விஷயங்கள் மாற்றிக்கொள்ளும் இருவருக்கும் தெரியாமல் இருக்கலாம். வெள்ளி மாலை டியூட்டியில் உடன் இருப்பவர் போன மாதம் சேர்ந்த புதியவர் என்றால், மூத்தவர் வருவது அங்கே நன்மை. ஆனால் ஞாயிறு காலை அந்த மூத்தவர் இல்லாமல் போகிறார். அங்கே இருக்கும் மற்றவரும் புதியவராக இருந்தால், அனுபவம் குறைந்த இருவர் மட்டும் வார்டைப் பார்க்க வேண்டிவரும். இன்சார்ஜ் சிஸ்டர் அதைப் பார்த்து மறுக்கலாம், இல்லை வேறொருவரை நகர்த்தலாம். ஐசியு, டயாலிசிஸ், பிரசவ வார்டு போன்ற இடங்களில் இது இன்னும் கறாரானது. அந்தக் கருவிகளில் பயிற்சி உள்ளவரோடுதான் அங்கே டியூட்டி மாற்ற முடியும். பொது வார்டுத் தோழி எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் வென்டிலேட்டர் நோயாளியை அவரிடம் ஒப்படைக்க முடியாது.

எழுத்தில் இல்லாத மாற்றம் என்ன செய்யும் என்பது எல்லாம் சரியாக நடக்கும்போது தெரியாது. வெள்ளிக்கிழமை மதியம் அக்காவின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து அவரால் வர முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். லிஸ்ட் மாறியிருந்தால், அக்கா இன்சார்ஜ் சிஸ்டருக்குப் போன் செய்து அவசர விடுப்பு சொல்வார். ஆள் ஏற்பாடு செய்வது மருத்துவமனையின் வேலை. லிஸ்ட் மாறவில்லை என்றால், திண்டிவனத்தில் மண்டப வாசலில் நிற்கும் இளையவர்தான் ‘வரவில்லை’ என்று பதிவாவார். காலை டியூட்டிக்காரரோ யாருக்காகக் காத்திருக்கிறோம் என்றே தெரியாமல் நின்றுகொண்டிருப்பார்.

அந்த மூன்றாவது ஆளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. “நாளைக்கு என் ஈவினிங்குக்கு அக்கா வர்றாங்க” என்று வியாழக்கிழமையே தெரிந்திருந்தால், 2 மணிக்கு ஆள் வரவில்லை என்றால் யாருக்குப் போன் செய்வது என்று அவருக்குத் தெரியும்.

எதற்கு மாற்று கேட்கக் கூடாது?

நிச்சயதார்த்தம், பிள்ளையின் பள்ளி விழா, பல் டாக்டர் என்று முன்கூட்டியே தெரிந்தவற்றுக்குத்தான் டியூட்டி மாற்றிக்கொள்வது பொருந்தும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் விடுப்புக்கு உரியவை. உடம்பு முடியாதவர் காலை 5 மணிக்கு எழுந்து ஒவ்வொரு தோழிக்காகப் போன் போட்டுக்கொண்டிருப்பது பல வார்டுகளில் பழகிப்போன கொடுமை. அப்போது முதல் போன் இன்சார்ஜ் சிஸ்டருக்கோ நைட் சூப்பர்வைசருக்கோதான் போக வேண்டும். மாற்று ஆளைப் போடும் அதிகாரமும் பொறுப்பும் அவர்களிடம்தான் இருக்கின்றன. வீட்டில் ஒரு சாவு, ஒரு விபத்து என்றாலும் அப்படித்தான். ஈடாக எந்தத் தேதியைத் தருவது என்று யோசிக்கும் நிலையில் அன்று யாரும் இருக்க மாட்டார்கள்.

மாதாமாதம் அதே நாளில் மாற்று கேட்க வேண்டியிருந்தால், கேட்க வேண்டியது தோழியிடமல்ல. முதியோருக்கு டயாலிசிஸ், பிள்ளைக்குப் பிசியோதெரபி என்று நிரந்தரத் தேவை இருப்பவர் லிஸ்ட் போடுவதற்கு முன்பே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி, அந்த நாளைத் தனக்குத் தோதாக எழுதச் சொல்லலாம்.

ஞாயிறு வரை

வெள்ளிக்கிழமை நல்லபடியாக முடிந்துவிட்டது. மாற்றிக்கொண்ட டியூட்டியின் மறுபாதி இன்னும் பாக்கி. தன் தேவை முடிந்த பிறகு வரும் அந்த ஞாயிறுதான் எளிதில் மறந்துபோகும். பல வாரங்களாக ஞாயிறு ஆஃபாகவே பழகியவர் அலாரம் வைக்காமல் தூங்கிவிடலாம். சனிக்கிழமை மாலை “அக்கா, நாளைக்குக் காலைல 7 மணிக்கு உங்க டியூட்டிக்கு நான் வர்றேன், நீங்க ரெஸ்ட் எடுங்க” என்று இளையவர் எழுதினால் தனக்கும் நினைவூட்டல் ஆகிவிடும், அக்காவும் நிம்மதியாகப் படுக்கலாம்.

ஒருவேளை ஞாயிறு காலை அந்த இளையவருக்கே காய்ச்சல் என்றால், அக்காவைக் கூப்பிட்டு ‘உங்க டியூட்டிதானே, நீங்களே வந்துடுங்க’ என்று சொல்ல முடியாது. வியாழக்கிழமை மதியம் லிஸ்ட்டில் பெயர் மாறியபோதே அது இளையவரின் டியூட்டி ஆகிவிட்டது. அவர் போன் செய்ய வேண்டியது டியூட்டியில் இருக்கும் நைட் சூப்பர்வைசருக்கு. எட்டு நாள் தொடர்ந்து உழைத்த அக்கா அந்த ஞாயிறு முழுக்கத் தூங்கலாம்.